நாயை ஒப்படைத்துவிட்டு ஊருக்குப் போவது

எங்கள் பக்கத்தில் ஊருக்குப் போகிறவர்கள் நாயை விட்டுவிட்டுப் போகும் முறை எல்லோருக்கும் தெரியும். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "அண்ணி, ரெண்டு நாள் நம்ம நாய்க்குக் கொஞ்சம் சோறு வச்சுடுங்க" என்று வேலிக்கு மேல் சொல்வோம். அவர்களும் "அதுக்கென்ன, போய்ட்டு வாங்க" என்பார்கள். நானும் முப்பது வருடம் அப்படித்தான் செய்தேன். இப்போது அந்த முறை தப்பு என்று நினைக்கிறேன். நாயைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தால் கூலி கொடுத்து வைக்க வேண்டும், கிளம்புவதற்கு மூன்று வாரம் முன்பே வைக்க வேண்டும் என்கிறேன். குடிகாட்டில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

எங்கள் கருப்பன் நாட்டு நாய், எட்டு வயது, இருபது கிலோ. மூன்று வருடத்துக்கு முன் ஒரு நாள் விடியற்காலையில் நடுக்கூடத்தில் விழுந்து கால்களை உதைத்துக்கொண்டு வாயில் நுரை தள்ளினான். பாம்பு கடித்துவிட்டது என்றுதான் நினைத்தோம். அப்புறம் அது வலிப்பு என்று தெரிந்தது. மருத்துவர் பீனோபார்பிட்டோன் என்ற மாத்திரை எழுதிக் கொடுத்தார். மனிதர்களுக்கு வலிப்புக்குக் கொடுக்கிற அதே மாத்திரைதான். அவன் எடைக்கு 60 மில்லிகிராம் ஒன்று காலை ஏழு மணிக்கு, இன்னொன்று இரவு ஏழு மணிக்கு. பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, ஆயுசு முழுக்க. "திடீர்னு மட்டும் நிறுத்திடாதீங்க. நிறுத்தினா முன்னைவிட மோசமா வரும்" என்று இரண்டு தடவை சொன்னார்.

அடுத்த மார்கழியில் ஆருத்ரா தரிசனத்துக்குச் சிதம்பரம் போனோம். இரண்டே நாள்தான். வழக்கம்போல வேலிக்கு மேல் சொல்லி மாத்திரையும் கொடுத்தேன். "சோத்துல வச்சுக் குடுத்துடுங்க, தின்னுடுவான்" என்றேன். எங்கள் வீட்டில் அப்படித்தான் தின்றுகொண்டிருந்தான், ஏனென்றால் என் மனைவி கையால் உருட்டி ஊட்டுவாள். தட்டில் வைத்தால் சோற்றைத் தின்றுவிட்டு மாத்திரையை மட்டும் நாக்கால் ஒதுக்கித் துப்புவான் என்பது எனக்கே தெரியாது. தட்டு காலியாக இருந்ததால் அவர்களுக்கும் தெரியவில்லை.

மூன்றாம் நாள் காலை நாங்கள் திரும்பியபோது அவன் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் கிடந்தான். இரவே ஒரு தடவை வந்திருக்க வேண்டும். எங்கள் கண் முன்னால் இன்னும் இரண்டு தடவை வந்தது. ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடி, நரம்பில் ஊசி போட்ட பிறகுதான் அடங்கியது. பிழைத்தான். சாயங்காலம் கல்லடியைக் கழுவும்போது மூன்று மாத்திரைகள் வெள்ளைக் களிம்பாகக் கரைந்து ஒட்டிக்கொண்டிருந்தன. நான்கு வேளையில் மூன்று. பக்கத்து வீட்டு அண்ணி அன்று அழுத அழுகை இன்னும் என் காதில் இருக்கிறது. தப்பு அவர்களுடையது இல்லை. "எப்படிக் கொடுத்தீங்க, ஒரு தடவை எனக்குச் செஞ்சு காட்டுங்க" என்று நான் கேட்கவே இல்லை. இலவசமாக உதவி செய்கிறவரிடம் எப்படிக் கேட்பது? அங்கேதான் கோளாறு. உதவிக்குக் கணக்குக் கேட்க முடியாது, கூலிக்குக் கேட்கலாம்.

போன வருடம் மகளுக்குப் பிரசவம், பெங்களூரில் பன்னிரண்டு நாள் தங்க வேண்டும் என்று ஆனது. இந்த முறை ஆள் தேடினேன். சென்னையிலும் பெங்களூரிலும் இதற்குச் செயலியே இருக்கிறதாம். கடலூரில் கால்நடை மருத்துவமனை வாசலில் விசாரிப்பதும், நாய் வைத்திருப்பவர்களிடம் கேட்பதும்தான் வழி. மூன்று பேர் வந்தார்கள்.

முதலில் வந்தவர் வாசலிலேயே, "எல்லா நாயும் எங்கிட்ட ஒட்டிக்கும் சார்" என்றார். நான் வலிப்பு மாத்திரை பற்றிச் சொன்னதும், "ஒரு வேளை விட்டுப்போனா ஒண்ணும் ஆவாது சார், நாய் தாங்கும்" என்றார். காப்பி கொடுத்து அனுப்பிவிட்டேன். இரண்டாவது ஆள், நாயைத் தன் வீட்டுக்கே கொண்டு வரச் சொன்னார். அங்கே ஏற்கெனவே ஐந்து நாய்கள் இருந்தன. போய்ப் பார்த்தேன். சுவர் விரிசலில் உண்ணி ஊர்ந்துகொண்டிருந்தது. நம் ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் உண்ணி வருடம் முழுக்க இருக்கும், அது கடித்தால் வருகிற காய்ச்சல் நாயின் ரத்தத்தையே கெடுத்துவிடும். அதோடு வலிப்புள்ள நாயைப் பழக்கமில்லாத நாய்களுடன் விடவே கூடாது. வலிப்பில் துடிக்கிற நாயை மற்ற நாய்கள் சில நேரம் பாய்ந்து கடித்துவிடும். நாய் தன் வீட்டிலேயே இருக்க, ஆள் வந்து தங்குவதுதான் எங்களுக்குச் சரி என்று முடிவு செய்தேன்.

மூன்றாவதாக வந்தது பச்சையாங்குப்பத்துத் தம்பி. இருபத்தைந்து வயது இருக்கும், கோழிப் பண்ணையில் வேலை பார்த்திருக்கிறான். "நாய் பிடிக்குமா?" என்று அவனிடம் நான் கேட்கவில்லை. பிடிக்காது என்று யார் சொல்லப்போகிறார்கள்? கேட்டது இது: "கடைசியா ஒரு நாய் உன் கையை விட்டு ஓடினது எப்போ? அப்ப என்ன செஞ்ச?" இந்தக் கேள்வியைத்தான் நான் எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன். இதுவரை எதுவும் ஓடியதில்லை என்று சொல்கிறவர் நாய் வளர்த்திருக்க மாட்டார், அல்லது பொய் சொல்கிறார். தம்பி கொஞ்சம் யோசித்து, "போன தீபாவளிக்கு சார். வெடிச் சத்தத்துல பட்டையிலேர்ந்து தலையை உருவிக்கிட்டு ஓடிடுச்சு. பின்னாடி ஓடினா இன்னும் ஓடும்னு ரோட்டுலயே உக்காந்துட்டேன். அரை மணி நேரம் ஆச்சு" என்றான். துரத்தக் கூடாது என்பது தெரிந்த பையன்.

அடுத்து, இரவு எங்கே படுப்பாய், உன்னோடு வேறு யாராவது வருவார்களா, உனக்கே காய்ச்சல் வந்தால் யார் வருவது என்று கேட்டேன். அந்த மாற்று ஆள் யாரோ அவரையும் நாய் ஒரு முறையாவது பார்த்திருக்க வேண்டும். தம்பி தன் அக்காவைச் சொன்னான். வெறிநாய்க்கடிக்கு முன்கூட்டியே போட்டுக்கொள்ளும் ஊசி போட்டிருக்கிறாயா என்றும் கேட்டேன். போட்டதில்லை என்றான். நாய்களோடு தொழில் செய்கிறவர்கள் போட்டுக்கொள்ள வேண்டியது அது. கருப்பனின் தடுப்பூசிப் புத்தகத்தை அவனிடம் காட்டினேன். தேதி பார்த்தான். கடித்தால் என்ன செய்வது என்பதையும் சொன்னேன். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்காமல் ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும், நாய்க்கு ஊசி போட்டிருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், செலவு என்னுடையது.

இதெல்லாம் முடிந்த பிறகு அவன் என்னிடம் ஒரு கேள்வி கேட்டான். "எந்த இடத்துல தொட்டா இவனுக்குப் பிடிக்காது சார்?" அந்தக் கேள்விக்காகவே அவனை வைத்தேன் என்று சொல்லலாம். (பின்னங்கால் தொடை. சின்னதில் வண்டி இடித்த இடம்.)

இனி ஒத்திகை. இதில்தான் எல்லோரும் சோம்பல் படுகிறோம். நாங்கள் வீட்டில் இருக்கும்போது வாலாட்டுகிற நாய், நாங்கள் இல்லாதபோது அதே ஆளைக் கேட்டுக்குள் விடாது. வீட்டைக் காப்பது நாட்டு நாயின் ரத்தத்தில் இருக்கிறது. அதனால் ஒரே ஒரு தடவை அறிமுகம் செய்துவிட்டுச் சாவியைக் கொடுப்பது, ஆளையும் நாயையும் சேர்த்துப் பொறியில் மாட்டிவிடுவதுதான். நாங்கள் நான்கு தடவை வரச் சொன்னோம். நான்குக்கும் கூலி கொடுத்தேன். ஒத்திகைக்குக் காசு கொடுக்க யோசிக்கிறவர்களை எனக்குப் புரிவதில்லை.

முதல் நாள் அரை மணி நேரம். தம்பி திண்ணையில் பக்கவாட்டாக உட்கார்ந்து என்னோடு பேசிக்கொண்டிருந்தான், நாயைப் பார்க்கவே இல்லை. கருப்பன் சுற்றிச் சுற்றி மோந்துவிட்டு அவன் காலடியில் படுத்தான். வந்ததும் குனிந்து தலைக்கு மேல் கையைக் கொண்டுபோகிறவராக இருந்தால் அங்கேயே கவனித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள் நடை. போகும்போது வார் என் கையில், வரும்போது அவன் கையில். நெடுஞ்சாலை ஓரம், சிப்காட்டுக்குப் போகிற டேங்கர் லாரி ஒன்று காற்றுப் பிரேக்கை விட்டதும் கருப்பன் பின்பக்கமாக இழுத்தான். கழுத்துப்பட்டை காது வரை வந்துவிட்டது. நாட்டு நாய்க்குக் கழுத்தைவிடத் தலை பெரிதாக அகலம் இல்லை. பின்னால் இழுத்தால் பட்டை உருவிக்கொள்ளும். நான் எட்டு வருடம் கவனிக்காததை அன்று பார்த்தேன். நம்மோடு வரும்போது அவன் இழுப்பதே இல்லை, அதுதான் காரணம். அன்றே மார்போடு மாட்டுகிற வார்ப்பட்டை வாங்கினேன். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவில் இரண்டு விரல் நுழைய வேண்டும், மூன்றாவது நுழையக் கூடாது. நெடுஞ்சாலைப் பக்கமே போக வேண்டாம், உள் தெரு போதும் என்றும் முடிவு செய்தோம். எங்கள் ஊருக்கு வந்தவர்களுக்குத் தெரியும், அந்த ரோட்டில் நாய் ஒன்று தப்பினால் அரை நிமிடம்கூடத் தாங்காது.

மூன்றாம் நாள் நாங்கள் வெளியே போனோம். திருப்பாதிரிப்புலியூரில் கோயில், மார்க்கெட் என்று மூன்று மணி நேரம். அதற்கு முன் மாத்திரை கொடுக்கக் கற்றுக்கொடுத்தோம். கற்றுக்கொடுத்தோம் என்றால், வாயால் சொல்லவில்லை. மனைவி ஒரு தடவை செய்தாள், அவன் ஒரு தடவை எங்கள் முன்னால் செய்தான். வேகவைத்த மீனைச் சோற்றோடு பிசைந்து மூன்று சின்ன உருண்டை. முதல் உருண்டை வெறும் உருண்டை. இரண்டாவதில் மாத்திரை. மூன்றாவதை அவன் கண்ணுக்கு நேரே காட்டிக்கொண்டே இரண்டாவதைக் கொடுக்க வேண்டும். அடுத்தது கிடைக்கும் அவசரத்தில் மெல்லாமல் விழுங்கிவிடுவான். விழுங்கியதற்கு அடையாளம், நாக்கால் மூக்கை நக்குவான். நக்கிய பிறகும் ஐந்து நிமிடம் கூடவே நிற்க வேண்டும். துப்புகிற நாய் ஓரமாகப் போய்த்தான் துப்பும்.

நான்காவது, ஓர் இரவு. நாங்கள் சிதம்பரத்தில் தங்கை வீட்டில் படுத்தோம். நடுராத்திரியில் போன் பண்ண வேண்டும்போல இருந்தது, பண்ணவில்லை. காலையில் அவனே பண்ணினான். "ராத்திரி சோறு தொடலை சார், காலையில சாப்ட்டான். மாத்திரை ரெண்டு வேளையும் உள்ள போயிடுச்சு. ஒரு சந்தேகம். தண்ணி ரொம்பக் குடிக்கிறான், குறைக்கட்டுமா?" நல்லவேளை கேட்டான். அந்த மாத்திரை சாப்பிடுகிற நாய்க்குத் தாகமும் பசியும் அதிகம் இருக்கும், அடிக்கடி சிறுநீர் போகும். தெரியாதவர்கள் தண்ணீரைக் குறைத்துவிடுவார்கள், வீட்டுக்குள் போய்விட்டான் என்று அடிக்கவும் செய்வார்கள். இதை நான் சொல்லாமல் விட்டிருந்தேன். ஒத்திகை இல்லாவிட்டால் இது பெங்களூரில் இருக்கும்போது தெரிய வந்திருக்கும், அல்லது தெரியாமலே போயிருக்கும். முதல் இரவு சாப்பிடாதது பற்றி நான் கவலைப்படவில்லை. ஆள் மாறினால் ஒரு வேளை விடுவது வழக்கம். ஒரு நாள் முழுக்கத் தண்ணீரும் தொடாமல், சிறுநீரும் போகாமல் மூலையில் கிடந்தால்தான் அந்த ஏற்பாடு சரிவராது என்று எடுத்துக்கொண்டிருப்பேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் ஒப்படைப்பு. எல்லாவற்றையும் போனில் அனுப்பிவிடலாமே என்றாள் மகள். நான் மின்வாரியத்தில் வேலை பார்த்தவன். 2011 டிசம்பர் 30 விடியற்காலையில் தானே புயல் நம் கடற்கரையில் கரை ஏறிய பிறகு, சாய்ந்த கம்பங்களோடு நாங்கள் எத்தனை நாள் மல்லுக்கட்டினோம் என்று இங்கே முன்பே எழுதியிருக்கிறேன். அன்று செல்போன் எல்லாம் வெறும் டப்பா. அதனால் ஒரு தாள், பெரிய எழுத்தில், குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டினேன்.

அதில் பாதி இடம் வலிப்புக்கு. வந்தால் முதலில் கடிகாரத்தைப் பார். பக்கத்தில் இருக்கும் நாற்காலி, தட்டை நகர்த்து. வாய்க்குள் கை விடாதே, தண்ணீர் ஊற்றாதே. இரும்புச் சாவி வேண்டாம் (இதை எழுதாவிட்டால் நம் ஊரில் யாராவது கொண்டுவந்துவிடுவார்கள்). விளக்கை அணை, கூட்டம் சேர்க்காதே. அடங்கிய பிறகு கொஞ்ச நேரம் கண் தெரியாததுபோலச் சுற்றுவான், உன்னை அடையாளம் தெரியாமல் கடிக்கலாம், கிட்டே போகாதே. ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்காமல் வந்தாலோ, ஒரே நாளில் இரண்டாம் தடவை வந்தாலோ எனக்குப் போன் பண்ணி நேரத்தைக் கழிக்காதே, நேரே மருத்துவரிடம் போ. அதன் கீழே மருத்துவர் எண், இரவில் வருகிற ஆட்டோக்காரர் எண், அவரை விட்டால் அடுத்தது எது என்பது. புதுச்சேரி குரும்பாபேட்டையில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆனால் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும் என்பதால் முதல் ஊசி கடலூரிலேயே போட்டாக வேண்டும் என்று எழுதினேன். "நாயின் உயிருக்காக 8,000 ரூபாய் வரை என்னைக் கேட்காமல் செலவு செய்யலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, பணத்தையும் தனிக் கவரில் வைத்தேன். இது இல்லாவிட்டால், அவசரத்தில் ஆள் காசுக்கு யோசித்துக்கொண்டு நிற்பார்.

மாத்திரையை எண்ணி வைத்தேன். பன்னிரண்டு நாளுக்கு 24 வேண்டும், பயணம் தள்ளிப்போனால் என்று 30. மருத்துவர் சீட்டின் நகல் ஒன்றும் கூட. இந்த மாத்திரையைச் சீட்டு இல்லாமல் மருந்துக் கடையில் தர மாட்டார்கள், தரவும் கூடாது. ஒரு நோட்டில் ஒவ்வொரு நாளும் மணி, மாத்திரை, சோறு, வெளிக்கு என்று நான்கு கட்டம் போட்டேன். திரும்பி வரும்போது ஆறு மாத்திரை இருக்க வேண்டும், எண்ணுவேன் என்று தம்பியிடம் நேராகவே சொன்னேன். முகம் சுளிக்கவில்லை. சுளித்திருந்தாலும் சொல்லியிருப்பேன்.

பொறுப்பு யாருடையது என்றும் பேசிக்கொண்டோம். சென்னையில் 2024 மே மாதம் பூங்காவில் ஐந்து வயதுக் குழந்தையை ராட்வீலர்கள் கடித்த செய்தி எல்லோருக்கும் நினைவிருக்கும். விலங்கைக் கவனக்குறைவாக வைத்திருப்பதற்கு இப்போதைய பாரதிய நியாய சன்ஹிதாவின் 291-வது பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ 5,000 ரூபாய் வரை அபராதமோ உண்டு. யார் வசம் விலங்கு இருக்கிறதோ அவரைப் பற்றி அந்தப் பிரிவு பேசுகிறது. அதாவது வார் தம்பி கையில் இருக்கும்போது அவனும் மாட்டுவான். அதனால் தெருவில் ஒருபோதும் வாரைக் கழற்றுவதில்லை, தெருப் பிள்ளைகள் கேட்டாலும் பிடிக்கக் கொடுப்பதில்லை என்று இரண்டு பேரும் ஒத்துக்கொண்டோம்.

பெங்களூரில் பேரன் பிறந்தான். பன்னிரண்டு நாளும் காலை, இரவு ஒரு படம் வந்தது. மற்றபடி நான் தொந்தரவு செய்யவில்லை.

திரும்பி வந்த அன்று முதலில் டப்பாவைத் திறந்து எண்ணினேன். ஐந்துதான் இருந்தது. மறுபடியும் எண்ணினேன், ஐந்து. தம்பி ஒன்றும் பேசாமல் நோட்டைத் திறந்து நான்காம் நாளைக் காட்டினான். "இரவு 7.05. துப்பிட்டான். தண்ணி கிண்ணத்துல விழுந்து ஊறிடுச்சு. வேற ஒண்ணு குடுத்தேன், மூக்கை நக்கினான், 7.20 வரை கூட நின்னேன்." பக்கத்தில் சின்னதாக மடித்த காகிதம் ஒன்று ஒட்டியிருந்தது. பிரித்தேன். உள்ளே காய்ந்துபோன பாதி மாத்திரை.

கருப்பன் என் மனைவியைச் சுற்றிக் குதித்துவிட்டு, என்னை ஒரு தடவை மோந்து பார்த்துவிட்டுத் தம்பி பக்கத்திலேயே போய் உட்கார்ந்தான். பங்குனியில் பேரனுக்குக் காது குத்து வருகிறது. தேதியைத் தம்பியிடம் இப்போதே சொல்லிவிட்டேன். வருகிறேன் என்றான், ஆனால் அதற்கு முன் கேட்டின் கீழ்த் தாழ்ப்பாளை மாற்றிவிட வேண்டுமாம். கருப்பன் அதை மூக்கால் தூக்கக் கற்றுக்கொண்டிருக்கிறான்.